மெயில் போகிறது, வேலை நடக்கவில்லை: முதல் வரியிலிருந்து பழுது பார்க்கும் முறை

தம்பு செட்டித் தெருவில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் டாகுமென்டேஷன் பகுதி என் பொறுப்பு. ஷிப்பிங் லைன், இறங்கிய கன்டெய்னர்களை வைத்துச் சரக்கைப் பிரிக்கும் சி.எஃப்.எஸ். நிலையம், இறக்குமதியாளர், டிரெய்லர்காரர் என்று நாள் முழுக்க எங்களிடமிருந்து மெயில் போய்க்கொண்டே இருக்கும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கத்திலிருந்து வருகிறவர்கள். பி.காம். முடித்திருப்பார்கள், ஆங்கிலமும் தப்பில்லாமல் எழுதுவார்கள். ஆனாலும் ஒரே பழுது திரும்பத் திரும்ப வருகிறது: மெயில் போகிறது, கேட்டது கிடைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ நேராக அங்கே போகலாம். எங்கள் மெயில்கள் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே எல்லாவற்றையும் தமிழில் தருகிறேன். பழுது இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

## அறிகுறி 1: பதிலே வரவில்லை

முதலில் பார்க்க வேண்டியது: எதிராளியின் போனில் என்ன தெரிகிறது?

செலவே இல்லாத சோதனை இது. அனுப்பப்போகும் மெயிலை முதலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். போனில் இன்பாக்ஸைத் திறந்து, மெயிலைத் தொடாமல் பட்டியலை மட்டும் பாருங்கள். அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட், அதற்குக் கீழே உள்ளடக்கத்தின் முதல் சில சொற்கள், அவ்வளவுதான் தெரியும். எங்கள் பிள்ளைகளின் மெயிலில் அந்த இடத்தில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

> மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் நிறுவனத்தின் இனிய வணக்கங்கள். தாங்கள் நலமாக…

சப்ஜெக்டில் 'கன்டெய்னர் தொடர்பாக' என்று இருக்கும். லைன் ஆபீஸில் இருப்பவருக்கு வருகிற எல்லா மெயிலுமே கன்டெய்னர் தொடர்பானதுதான். நம்முடையதை ஏன் இப்போதே திறக்க வேண்டும் என்பதற்கு அந்த இரண்டு வரியில் ஒரு காரணமும் இல்லை.

சரிசெய்வது எளிது. 'ஐயா' அல்லது 'மேடம்' என்ற விளிப்பு இருக்கட்டும். அடுத்த சொல்லிலேயே விஷயம் தொடங்க வேண்டும். வீட்டுக்கு வந்தவரிடம் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஊர் நலம் விசாரித்துவிட்டுத்தான் வந்த காரியம் கேட்போம். அது நல்ல பழக்கம்தான். மெயிலில் அந்த விசாரிப்புக்கான இடம் கடைசி வரி. சப்ஜெக்டில் 'தொடர்பாக' என்பதை எடுத்துவிட்டு, என்ன செய்ய வேண்டுமோ அதை எழுதுங்கள்: 'டி.ஓ. இன்று வேண்டும்', பிறகு பி.எல். நம்பர். டி.ஓ. என்பது சரக்கை எடுக்க லைன் தரும் டெலிவரி ஆர்டர், பி.எல். என்பது சரக்கை ஏற்றியதற்கு லைன் தரும் பில் ஆஃப் லேடிங்.

அது சரியாக இருந்தும் பதில் இல்லையா? வேண்டுகோளில் ஆள் இருக்கிறாரா பாருங்கள்.

'ஆவன செய்யவும்' என்று முடித்து, 'டு' வரிசையில் ஐந்து பேரைப் போட்டால், ஐந்து பேரும் மற்ற நால்வரில் ஒருவர் செய்வார் என்று விட்டுவிடுவார்கள். செய்ய வேண்டியவர் ஒருவர் மட்டும் 'டு'வில் இருக்கட்டும், மற்றவர்கள் சி.சி.க்குப் போகட்டும். குழு முகவரிக்குத்தான் அனுப்ப முடியும் என்றால் முதல் வரியில் 'இம்போர்ட் டெஸ்க் கவனத்துக்கு' என்று சேர்த்துவிடுங்கள்.

அதுவும் சரியா? அப்படியானால் மெயில் தப்பான மேஜைக்குப் போயிருக்கும்.

ஒரு போன் போட்டு யார் பார்க்கிறார் என்று கேளுங்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு மெயில் போட்டும் பதில் இல்லையென்றால் மூன்றாவதை எழுத வேண்டாம், போனை எடுங்கள். பேசி முடித்த பிறகு 'இப்போது போனில் பேசியபடி' என்று தொடங்கி, ஒப்புக்கொண்டதை ஒரே வரியில் மெயிலாகப் போடுங்கள். பிறகு ஏதாவது பேச்சு வந்தால் காட்ட அது வேண்டும்.

## அறிகுறி 2: 'நோட்டட்' என்று பதில் வந்தது, வேலை நடக்கவில்லை

இது பதில் வராததைவிட மோசம். பதில் வந்துவிட்டதே என்று நாம் நிம்மதியாகிவிடுவோம். எங்களுக்குப் பணம் போனதே இதில்தான், அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

மண்ணடியில் ஹார்டுவேர் வியாபாரம் செய்யும் ஒருவருக்கு இருபதடி கன்டெய்னர் ஒன்று வந்தது. லைன் கொடுத்த ஃப்ரீ டேஸ், அதாவது கட்டணமில்லாமல் பெட்டியை வைத்துக்கொள்ளும் நாட்கள், ஏழு. பெட்டி இறங்கியது 3ஆம் தேதி திங்கட்கிழமை, அந்த நாளையும் சேர்த்தே கணக்கு. ஞாயிறும் கணக்கில் வரும். ஆக 9ஆம் தேதி ஞாயிறோடு ஃப்ரீ டேஸ் முடிகிறது, 10ஆம் தேதி முதல் தினமும் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஏறும். 7ஆம் தேதி வெள்ளி மதியம்தான் சரக்கைப் பிரித்துப் பரிசோதிக்க வேண்டும் என்று கஸ்டம்ஸில் உத்தரவானது. திங்கட்கிழமைக்கு முன் பரிசோதனை நடக்காது. எங்கள் பையன் மூன்று மணிக்கு இந்த மெயிலைப் போட்டான்:

> மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் நிறுவனத்தின் வணக்கங்கள். மேற்படி பி.எல்.லின் கீழ் வந்த சரக்கு 3ஆம் தேதி இறக்கப்பட்டது. எங்கள் இறக்குமதியாளர் தங்கள் நிறுவனத்தின் நெடுநாள் வாடிக்கையாளர். பில் ஆஃப் என்ட்ரி உரிய நேரத்தில் தாக்கல் செய்யப்பட்டது. இன்று கஸ்டம்ஸ் அதிகாரிகள் சரக்கைப் பரிசோதிக்க உத்தரவிட்டுள்ளார்கள். சி.எஃப்.எஸ்.ஸில் இடநெருக்கடி உள்ளது. எண்ணூர் சாலையிலும் டிரெய்லர்கள் வரிசையில் நிற்கின்றன. இதனால் டெலிவரி தாமதமாகும் எனத் தெரிகிறது. எனவே ஃப்ரீ டேஸ் விஷயத்தில் தங்கள் மேலான ஒத்துழைப்பை வேண்டுகிறோம்.

அரைமணி நேரத்தில் 'நோட்டட்' என்று வந்தது. "அண்ணே, லைன்ல ரிப்ளை வந்துருச்சு" என்றான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. பெட்டி காலியாகி யார்டுக்குத் திரும்பியது 12ஆம் தேதி. 10, 11, 12 என்று மூன்று நாளுக்கு டிடென்ஷன் பில் வந்தது. லைனில் கேட்டபோது, "நீங்க எக்ஸ்டென்ஷன் கேட்கவே இல்லையே சார், தாமதமாகும்னுதானே எழுதியிருந்தீங்க" என்றார் அந்த மேடம். மெயிலைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தப் பணத்தை எங்கள் ஆபீஸ்தான் கட்டியது.

சோதனை: முதல் வாக்கியத்தைத் தவிர மற்றதையெல்லாம் உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளுங்கள். விஷயமே தெரியாத ஒருவர் அந்த ஒரு வரியை வைத்து வேலையைச் செய்ய முடியுமா? மேலே உள்ள மெயிலில் வணக்கம் மட்டும்தான் மிஞ்சும். கையை எடுத்துவிட்டு, எத்தனையாவது வாக்கியத்தில் வேண்டுகோள் வருகிறது என்று எண்ணுங்கள். இங்கே ஒன்பதாவது. அதிலும் எத்தனை நாள் என்று இல்லை. 'ஒத்துழைப்பு' என்பதை யாரும் சிஸ்டத்தில் பதிய முடியாது. நாள் எண்ணிக்கையைத்தான் பதிய முடியும்.

சரிசெய்தது:

> மேடம், கீழே உள்ள கன்டெய்னருக்கு ஃப்ரீ டேஸை 9ஆம் தேதியிலிருந்து 12ஆம் தேதி வரை, மூன்று நாள், நீட்டித்து இன்று மாலை 5 மணிக்குள் உறுதி செய்யுங்கள். கஸ்டம்ஸ் பரிசோதனை உத்தரவு இன்றுதான் வந்தது, நகல் இணைத்துள்ளேன். பரிசோதனை 10ஆம் தேதி, டெலிவரி 11, காலிப் பெட்டி யார்டுக்குத் திரும்புவது 12.

இதற்குக் கீழே தனித்தனி வரியில் கன்டெய்னர் நம்பர், பி.எல். நம்பர், பெட்டி இறங்கிய தேதி. கன்டெய்னர் நம்பர் என்றால் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும். கடைசி இலக்கம் மற்றவை சரிதானா என்று பார்ப்பதற்கானது, ஒன்று மாறினாலும் பெரும்பாலும் சிஸ்டம் ஏற்காது. அதனால் கையால் அடிக்காமல் பி.எல்.லில் இருந்து எடுத்து ஒட்டுங்கள்.

இதில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். முதலாவது, கேட்டது தேதியாகவும் நாளாகவும் இரண்டு விதமாக இருக்கிறது. '12 வரை' என்று மட்டும் எழுதினால் 12 உள்ளேயா வெளியேயா என்ற குழப்பம் வரும். இரண்டாவது, எங்கள் பையன் டெலிவரியை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தான். லைனின் டிடென்ஷன் காலிப் பெட்டி திரும்பும்வரை ஓடும். அதனால் கேட்க வேண்டியது பெட்டி திரும்பும் தேதியை. எதைக் கேட்கிறோம் என்பதை முதல் வரியில் ஒரு எண்ணாக எழுத உட்கார்ந்திருந்தாலே இந்தத் தப்பு அப்போதே கண்ணில் பட்டிருக்கும். மூன்றாவது, '5 மணிக்குள்' என்பது அதிகாரத் தோரணை இல்லை. ஃப்ரீ டேஸ் முடிவதற்கு முன் கேட்டால் அது நீட்டிப்பு. முடிந்த பிறகு கேட்டால் தள்ளுபடி விண்ணப்பம், அது பெரிய மேஜைக்குப் போகும், கிடைப்பதும் கடினம். வெள்ளி மாலையைத் தாண்டினால் வார இறுதி வந்துவிடும்.

'நோட்டட்' வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடனே ஒரு வரி திருப்பிப் போடுங்கள்: '12ஆம் தேதி வரை நீட்டித்தாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?' இதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

## அறிகுறி 3: மெயில் படித்தவர் போன் செய்து "என்னதான் வேணும்?" என்கிறார்

எல்லாத் தகவலும் உள்ளே இருக்கும், படித்தவருக்கு மட்டும் கிடைக்காது. காரணத்தைத் தேடிப் போனால் பள்ளிக்கூடத்துக்கே போக வேண்டியிருக்கும்.

நாம் எல்லாரும் முதன்முதலாக எழுதிப் பழகிய கடிதம் லீவ் லெட்டர். 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கி, லீவ் கேட்பது பின்னால் வரும். காரணம் முன்னால், வேண்டுகோள் பின்னால். ஒரே ஒரு காரணம் இருக்கும்வரை அதில் தொந்தரவு இல்லை. டீச்சருக்கும் கடிதத்தைப் பார்த்ததுமே லீவ் என்று தெரியும். அந்த அச்சிலேயே ஆறு காரணத்தை அடுக்கும்போதுதான் சிக்கல்.

நம் மொழியின் அமைப்பும் இதற்குத் துணை போகிறது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். 'பரிசோதனை இருப்பதாலும், வண்டி கிடைக்காததாலும், ஞாயிறு விடுமுறை என்பதாலும்…' என்று 'ஆல்' போட்டுக் கோத்துக்கொண்டே போகலாம். கேட்பவர் கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டும். பேச்சில் குரலும் முகமும் உதவும். எழுத்தில் அந்த உதவி இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதும் நாம் இந்த வரிசையிலேயே யோசிக்கிறோம்.

சோதனை: மெயிலில் 'எனவே', 'ஆகவே', 'ஆதலால்' எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஆங்கிலமானால் 'ஹென்ஸ்', 'தேர்ஃபோர்'. அதற்குப் பிறகு வருவதுதான் உங்கள் வேண்டுகோள்.

சரிசெய்வது: அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதை அப்படியே வெட்டி மெயிலின் தலைக்குக் கொண்டுபோங்கள். 'எனவே'யை அழித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் காரணங்களின் முன்னால் 'காரணம்' என்று போட்டுப் புது வாக்கியமாகத் தொடங்குங்கள். வினையை இடம் மாற்ற முடியாது, அது தமிழில் கடைசியில்தான் நிற்கும். ஆனால் வாக்கியத்தைச் சின்னதாக வைத்தால் வினை சீக்கிரம் வந்துவிடும். கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு தங்கைக்கு இதைக் காட்டிக்கொடுத்தேன். மெயிலை எப்போதும்போல எழுதி முடித்துவிட்டு, கடைசி வாக்கியத்தை மேலே ஒட்டிவிட்டுத்தான் அனுப்புகிறாள். எழுதும்போதே மாற்றி யோசிப்பதைவிட அவளுக்கு அது சுலபமாக இருக்கிறது. அப்படியே செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

காரணங்களில் எதை வைத்துக்கொள்வது? படிப்பவர் தன் மேலதிகாரியிடம் எதைக் காட்டினால் நம் வேலை நடக்குமோ அதை. பரிசோதனை உத்தரவு காட்டக்கூடியது. 'நெடுநாள் வாடிக்கையாளர்' என்பது நீட்டிப்புக்கு உதவாது, எடுத்துவிடலாம்.

## அறிகுறி 4: மூன்று கேட்டோம், ஒன்றுக்குத்தான் பதில்

இது இறக்குமதியாளருக்குப் போகும் மெயிலில் அதிகம் வரும். கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்வதற்கு முன், அதில் போகும் விவரங்களைச் செக்லிஸ்டாக அனுப்பி ஒப்புதல் வாங்குவோம். அதே மெயிலில் சரக்கின் கேட்டலாக் கேட்போம், பழைய பாக்கியையும் கேட்போம். அவர் கேட்டலாக்கை மட்டும் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பார்.

எது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் நின்றுபோகுமோ அது முதல் வாக்கியத்தில் வர வேண்டும். இங்கே அது செக்லிஸ்ட் ஒப்புதல். இரண்டாவது கேள்வியும் இருக்கிறது என்பதை அதே வாக்கியத்தில் எண்ணிக்கையாகச் சொல்லிவிடுங்கள்:

> சார், இரண்டு வேண்டும்: செக்லிஸ்டுக்கு ஒப்புதல் இன்று 4 மணிக்குள், கேட்டலாக் நாளை காலைக்குள்.

'இரண்டு' என்ற சொல் அங்கே இருந்தால், ஒன்றை அனுப்பியவருக்கு இன்னொன்று பாக்கி என்பது தெரியும். பணப் பாக்கியை இதில் சேர்க்காதீர்கள். அதைப் பார்ப்பவர் அவருடைய அக்கவுன்டன்ட், அது தனி மெயிலில் போகட்டும். செய்ய வேண்டிய ஆள் வேறாக இருந்தால் மெயிலும் வேறு.

## அறிகுறி 5: நேராகக் கேட்டோம், கோபித்துக்கொண்டார்கள்

'முதல் வரியில் கேள்' என்று சொல்லிக்கொடுத்த இரண்டாவது வாரம் இது வரும். மணலியில் ஒரு தொழிற்சாலையின் பெரியவர் போன் செய்து, "இன்னா தம்பி, உங்க புள்ளைங்க ஆர்டர் போடுறாங்க" என்றார். மெயிலை எடுத்துப் பார்த்தேன். 'திருத்தக் கடிதத்தை நாளை 11 மணிக்குள் அனுப்பவும்' என்று இருந்தது. பில் ஆஃப் என்ட்ரியில் எடையைத் தப்பாக அடித்தது நாங்கள். அவர் கோபித்தது நியாயம்.

நம் தவறோ, கெட்ட செய்தியோ இருக்கும்போது முதல் வாக்கியம் அதைச் சொல்ல வேண்டும், வேண்டுகோள் இரண்டாவது. அப்போதும் மெயிலின் நோக்கம் முதல் வரியிலேயே இருக்கிறது. அந்த நோக்கம் தவறைச் சொல்வது:

> ஐயா, பில் ஆஃப் என்ட்ரியில் எடையைத் தவறாகப் பதிந்துவிட்டோம், எங்கள் பிழை. திருத்துவதற்கு உங்கள் கையெழுத்திட்ட கடிதம் நாளை காலை 11 மணிக்குள் கிடைத்தால் நாளையே மனுக் கொடுத்துவிடுவோம். கடித வரைவு இணைத்திருக்கிறேன்.

நம் பிழை எதுவும் இல்லாத மெயிலிலும் கோபம் வந்தால், வேண்டுகோளின் இடத்தை மாற்றாதீர்கள், வினையை மட்டும் மாற்றுங்கள். 'அனுப்பவும்' என்பது அரசு உத்தரவு போலக் கேட்கும். 'அனுப்புங்கள் ஐயா', 'அனுப்ப முடியுமா மேடம்' என்றால் அதே இடத்தில் அதே வேலையைச் செய்யும். மரியாதை சேர்க்க வேண்டிய இடம் அந்த வினைதான். மூன்று வரி முகவுரை சேர்த்தால் அறிகுறி 1க்குத் திரும்பிவிடுவோம்.

## மெயிலை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

கஸ்டம்ஸில் இருந்து விளக்கம் கேட்டு ஷோ காஸ் நோட்டீஸ் வந்திருந்தால் பதிலை நாமே எழுதி அனுப்பக் கூடாது. அதில் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் நம் வாக்குமூலம். வக்கீலிடமோ அந்தத் துறை தெரிந்த ஆலோசகரிடமோ நோட்டீஸைக் கொடுத்துவிடுங்கள். அவருக்கு அனுப்பும் மெயிலின் முதல் வரியில் நோட்டீஸ் கையில் கிடைத்த தேதியும் பதில் தர வேண்டிய கடைசித் தேதியும் இருக்கட்டும்.

டிடென்ஷன் பில் ஏற்கெனவே வந்து, தொகையைப் பற்றி மூன்றாவது மெயில் ஓடிக்கொண்டிருந்தால், முதல் வரியை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் அந்த மேஜையில் இல்லை. மெயில் தொடரை அச்செடுத்துக்கொண்டு மேலாளரை நேரில் பாருங்கள்.

சரக்கு சேதம் என்றால் இன்னும் அவசரம். சி.எஃப்.எஸ்.ஸில் கதவைத் திறந்ததும் ஈரமோ துருவோ கண்ணில் பட்டால், இறக்குவதை நிறுத்துங்கள், போட்டோ எடுங்கள், இறக்குமதியாளரிடம் சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போடச் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் சரக்கு இடம் மாறினால், ஈரம் பெட்டிக்குள்ளேயே பட்டதா, வெளியே எடுத்த பிறகா என்ற கேள்வி வரும். போனுக்குப் பின்னாலேயே மெயிலும் போக வேண்டும், லைனுக்கும் சி.எஃப்.எஸ்.ஸுக்கும் சி.சி. போட்டு. அதன் முதல் வரியை இப்படி எழுதுங்கள்: 'கீழே உள்ள கன்டெய்னரில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, சரக்கை இறக்காமல் நிறுத்திவைத்திருக்கிறோம், சர்வேயரை இன்றே அனுப்புங்கள்.'